பஞ்சு முதலையும் சேற்றுப் பள்ளமும்: முதல் சந்திப்பில் ஓர் உரசல்

அரசலாற்றங்கரையில் குதிரை மேல் ஓர் இளைஞன் போய்க்கொண்டிருக்கிறான். பெண்கள் அலறும் சத்தம் கேட்கிறது. பாய்ந்து போகிறான், கரையில் முதலை வாயைத் திறந்து கிடக்கிறது. யோசிக்க நேரமில்லை என்று வேலை எறிகிறான். வேல் முதலையின் மேல் பாய்ந்து நிற்கிறது, ஆனால் முதலை அசையவில்லை. அதற்குப் பதிலாகப் பெண்கள் சிரிக்கிறார்கள். அது செத்த முதலையின் தோலுக்குள் பஞ்சை அடைத்து வைத்த பொம்மை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் 'ஆற்றங்கரை முதலை' என்ற அத்தியாயம் இது. 1950இல் கல்கி இதழில் தொடராகத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் இதை வாசித்துச் சிரித்திருப்பார்கள். வந்தியத்தேவன் அசடு வழியும் இடமாகத்தான் இது நினைவில் தங்கியிருக்கிறது. நான் கேட்க நினைப்பது வேறு: அவன் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. கொடும்பாளூர் வீரர்கள் குடும்பத்தில் பிறந்தும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற வானதியைத் துணிவுள்ளவளாக்க வேண்டும் என்று குந்தவை நினைக்கிறாள். பொம்மை முதலை அதற்கான ஏற்பாடு. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு நடத்திக்கொண்டிருக்கும் பாடத்தின் நடுவில், காப்பாற்றுகிறேன் என்று ஓர் ஆண் வேலோடு குதிக்கிறான். அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் அவனுடைய வீரம் தேவைப்படவில்லை. அவன் ஒரு குறுக்கீடு.

இரண்டு பாத்திரங்களின் முதல் சந்திப்பை, பார்த்தவுடன் காதலாக அல்லாமல் ஓர் உரசலாக எழுதுவது பற்றிப் பேசும்போது நான் இந்த இடத்திலிருந்தே தொடங்குவேன். உரசல் என்றால் நம் மாணவிகளில் பலர் உடனே சண்டை என்று எழுதுகிறார்கள். அவன் இடித்துவிட்டுப் போவான், அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான். பேருந்து நிலையம், கல்லூரி வாசல், கல்யாண வீடு என்று இடம் மட்டும் மாறும். வாசிக்கும்போது சூடாக இருக்கும். இரண்டு பக்கம் தாண்டினால் ஆறிப்போகும். ஏன் ஆறுகிறது என்று பார்த்தால் காரணம் ஒன்றுதான். அந்தக் கோபம் முழுக்க அவனைப் பற்றியது. அவன் வருவதற்கு முன்னால் அவளுக்கு அந்த இடத்தில் எந்த வேலையும் இல்லை. அவன் போன பிறகும் இல்லை. அவள் கோபப்படுவதற்காகவே அங்கே நிறுத்தப்பட்டவள். அப்படியானால் அவள் திட்டும்போதும் கதையின் நடுவில் நிற்பது அவன்தான்.

உரசல் நிற்க வேண்டுமானால் அவளுடைய எதிர்ப்பு அவனைத் தவிர வேறு ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவளுடைய வேலை, அவளுடைய நிலம், அவள் கணக்கு வைத்திருக்கும் ஒரு நாள், அவள் பொறுப்பில் இருக்கும் இன்னொருத்தி. அவன் அதில் வந்து மோத வேண்டும்.

கல்கி இதை முழுதாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. முதலைக்கு முன்பே குடந்தை சோதிடர் வீட்டில் வந்தியத்தேவனும் குந்தவையும் ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள். 'திடும்பிரவேசம்' என்றே அந்த அத்தியாயத்துக்குப் பெயர். வாசலில் காவல் நிற்கும் சீடனைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே நுழைகிறான். உள்ளே வானதியின் எதிர்காலம் பற்றிச் சோதிடரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள். அங்கேயும் அவன் குறுக்கீடுதான். ஆனால் அவளைப் பார்த்த கணத்தில் அவன் மெய்மறந்து நிற்கிறான், நாமும் அவனுடைய கண்ணாலேயே அவளைப் பார்க்கிறோம். பார்த்தவுடன் காதல் அவன் பக்கம் வந்துவிட்டது. குந்தவை என்ன நினைத்தாள் என்பது அந்த நேரத்தில் நமக்குக் கிடைப்பதில்லை. ஆற்றங்கரையிலும் கதை குதிரை மேல்தான் வருகிறது. பெண்களின் சிரிப்பைக் குதிரைக்காரனின் காதால் கேட்கிறோம்.

ஆனாலும் அந்த முதலை வேலை செய்கிறது. அவன் இடுப்பில் இருக்கும் ஓலை இவளுக்குத்தான் வந்திருக்கிறது. ஆதித்த கரிகாலன் தன் தங்கைக்குக் கொடுத்தனுப்பியது. எதிரில் நின்று சிரிப்பவள்தான் அவள் என்று அவனுக்குத் தெரியாது. காதல் இல்லாவிட்டாலும் இவர்கள் மறுபடி சந்தித்தாக வேண்டும். அவன் பழையாறைக்கு வந்துதான் ஆக வேண்டும். உரசலுக்குப் பிறகு எது இருவரையும் மறுபடி ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் என்பதை எழுதுகிறவர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். தற்செயலாக அதே பேருந்தில் ஏறுவது அதற்கு ஈடாகாது.

இரண்டாம் பாகம் தொடங்கும் இடத்துக்கு வருவோம். கோடிக்கரை. காவிரிப் படுகை கடலைத் தொடும் தென்கோடி. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் காடு, நடுவில் எங்கே காலை வைத்தால் எங்கே இறங்கும் என்று தெரியாத சதுப்பு. வைத்தியர் மகனோடு வந்தியத்தேவன் அங்கே வருகிறான். பூங்குழலியைப் பார்க்கிறான். அவள் ஓடுகிறாள், இவன் துரத்துகிறான். 'சேற்றுப் பள்ளம்' என்ற அத்தியாயத்தில் அவன் சேற்றில் இறங்கிவிடுகிறான். எழ முயல முயல உள்ளே போகிறான். கடைசியில் அவனை வெளியே இழுத்துவிடுபவளும் அவளே.

தமிழில் நான் வாசித்த முதல் சந்திப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஓடும் பெண், துரத்தும் ஆண் என்பது எவ்வளவு பழைய படம்! அந்தப் படத்தைக் கல்கி கதையாலோ வசனத்தாலோ கலைக்கவில்லை, நிலத்தால் கலைக்கிறார். அவளுக்கு அந்த மண் தெரியும். எது தரை, எது தரை போலத் தெரியும் சேறு என்று அவள் கால்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. துரத்துகிறவன் வேகமானவனாக இருக்கலாம், ஆனால் அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. அவன் அவளை முதன்முதலாகக் கவனிப்பது, அதாவது அழகைத் தாண்டிக் கவனிப்பது, கழுத்தளவு ஆபத்தில் நின்று அவளுடைய அறிவை நம்ப வேண்டிய நிலையில்தான். அவளுக்கும் அவன் மேல் காதல் வரவில்லை; ஆனால் இவன் யார், எதற்காக வந்திருக்கிறான் என்ற கேள்வி வருகிறது. அவனுக்கு இலங்கைக்குப் போகப் படகு வேண்டும். படகு அவளிடம் இருக்கிறது. சேற்றிலிருந்து கடலுக்குக் கதை தானாக நகர்கிறது.

குந்தவைக்கும் பூங்குழலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெண்ணியமாக வாசிக்கிறவர்கள் தவறவிடக் கூடாது. குந்தவை சிரிக்கலாம். அவளைச் சுற்றித் தோழிகள், கூப்பிடும் தூரத்தில் ஆட்கள், பின்னால் ஒரு ராஜ்யம். ஓர் அந்நிய ஆணைக் கேலி செய்வதால் அவளுக்கு எந்த ஆபத்தும் வராது. படகோட்டும் பூங்குழலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தனியாக ஒரு ஆண் துரத்தும்போது சிரித்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. அவளுக்குக் காவல் சேறு. உரசுவதற்கான உரிமை எல்லாப் பெண்களுக்கும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஒரு முதல் சந்திப்பை எழுதும்போது, இவள் எதிர்த்துப் பேசினால் இவளுக்கு என்ன நடக்கும், இவளைக் காப்பது எது என்ற கேள்விக்கு எழுதுகிறவரிடம் பதில் இருக்க வேண்டும். அது காகிதத்தில் வராமல் போனாலும் பரவாயில்லை.

(இதே பூங்குழலியைக் கல்கி கடைசியில் சேந்தன் அமுதனுக்கு மணமுடித்து அரண்மனையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அலையும் சதுப்பும் தெரிந்தவளை அரசியாக்கியதை உயர்வு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது அவளைத் தரையிறக்கியது போலத்தான் இருக்கிறது.)

அதே படுகையில் இன்னொரு சந்திப்பு எல்லோருக்கும் தெரியும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரக்காரன், மோகனாம்பாள் திருவாரூர் ஆட்டக்காரி. அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கைச் சத்தம் எழ, பாதியில் நிறுத்திவிடுகிறான். தன் வாசிப்புக்கு மரியாதை இல்லாத இடத்தில் வாசிக்க மாட்டேன் என்பது அவன் கோபம். பிறகு அவள் ஆடுகிறாள். நேரே போய் உட்கார்ந்து பார்க்க அவன் கர்வம் இடம் கொடுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒளிந்து நின்று பார்க்கிறான்.

பெண்ணை ஆண் ஒளிந்து பார்ப்பது நம் திரைப்படங்களில் கணக்கில்லாமல் வருகிறது. பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது. நாமும் அவனோடு சேர்ந்து ஒளிந்து பார்க்கிறோம். இங்கே அவள் அதைக் கண்டுகொள்கிறாள். ஆட்டத்தை நிறுத்தாமல், பாட்டின் வழியாகவே, ஏன் ஒளிந்து பார்க்கிறாய் என்று சபை நடுவில் கேட்டுவிடுகிறாள். ஒளிந்தவன் இப்போது எல்லோர் முன்னாலும் கேள்விக்கு உட்பட்டவன். இதை அவள் தன் தொழிலாலேயே செய்கிறாள். கோபித்து மேடையை விட்டு இறங்கியிருந்தால் இந்த உரசல் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது. ஈர்ப்பு இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஈர்ப்பு வருவது அவள் முகத்திலிருந்து மட்டுமல்ல. அவன் கலைஞன், எதிரில் இன்னொரு கலைஞரைக் கண்டுவிட்ட பொறாமையும் அதில் கலந்திருக்கிறது. பின்னால் நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் நடக்கும் போட்டி இந்த முதல் நிமிடத்திலேயே போடப்பட்டாகிவிட்டது.

தஞ்சைப் பகுதிக் கோயில்களில் நாதஸ்வரக் குழுவைப் பெரிய மேளம் என்றும் சதிர்க் குழுவைச் சின்ன மேளம் என்றும் சொல்வார்கள். பெயரிலேயே பெரிது சின்னது இருக்கிறது. பெரிய மேளத்துக்காரன் சின்ன மேளத்தைப் போய்ப் பார்ப்பதா என்ற தயக்கம் இரண்டு தனிமனிதர்களின் குணத்திலிருந்து வருவதல்ல. பல தலைமுறை வரிசைமுறையிலிருந்து வருவது. அதோடு அவளுடைய தாய் வசதியுள்ள ஒருவரிடம் மகளைச் சேர்த்துவிட நினைக்கிறாள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்துவிட்டது. அதற்காக மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் இதே காவிரிக் கரையில் அலைந்து பேசியிருந்தார்கள். இந்தப் பின்னணியில் பார்த்தால் அவள் பாட்டில் கேட்கும் கேள்வியின் எடை கூடுகிறது. பணம் கொடுத்துப் பார்க்கிறவன் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பான். நீ எந்தக் கணக்கில் பார்க்கிறாய்?

படம் வந்த அதே 1968, டிசம்பர் 25 இரவு, சிக்கல் இருக்கும் அதே நாகப்பட்டினம் பகுதியில், கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சி அது. முதல் சந்திப்பு பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். மிராசுதார் வீட்டுப் பையனும் நடவு வயலில் நிற்கும் பெண்ணும் வரப்பில் மோதிக்கொண்டு, அவள் துடுக்காகப் பேச, அவன் ரசிக்க, காதல் தொடங்கும் கதைகளும் காட்சிகளும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அந்தத் துடுக்குப் பேச்சு பொய். அப்படிப் பேசியிருந்தால் அவளுக்கு மறுநாள் வேலை இருந்திருக்காது, குடியிருக்க இடம் இருந்திருக்காது. அவள் குனிந்த தலையோடு நிற்பதை எழுதினால் அது உண்மையாக இருக்கும். ஆனால் அது உரசல் அல்ல. இருவரில் ஒருவருக்கு மட்டும் எல்லாவற்றையும் இழக்கும் அபாயம் இருந்தால், அதைக் காதலின் தொடக்கமாக எழுதுவது யாருடைய ஆசை என்று கேட்க வேண்டும்.

இதன் மறுபக்கம் 'திமிர் அடக்கல்'. ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகம் 1963இல் 'அறிவாளி' என்று தமிழில் படமானது. அதன் பிறகு அந்தச் சட்டகம் நம் திரையை விட்டுப் போகவே இல்லை. அங்கே அவளுக்கு அதிகாரம் உண்டு, படிப்பு உண்டு, பணம் உண்டு. அவளுக்குப் பேச்சும் கொடுக்கப்படுகிறது. ஆனால் அவளுடைய ஒவ்வொரு மறுப்பும் கடைசியில் அவள் இழக்கப்போவதன் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. முதல் சந்திப்பில் அவள் அறைந்தால் கடைசியில் அவள் அறை வாங்குவாள். உரசல் போலத் தெரியும் இது உண்மையில் கடன். இதோடு பிறந்ததுதான் துரத்தித் துரத்திச் சம்மதம் வாங்கும் கதாநாயகன். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலிக்கூட்டத்தின் அத்துமீறலில் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. திரையில் அதே செயலுக்கு அப்போது பாட்டு வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றைப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். அவள் 'முடியாது' என்று சொல்லிவிட்டுப் போனால் காட்சி முடியுமா? பூங்குழலி படகு தர முடியாது என்றால் வந்தியத்தேவன் கடலைத் தாண்ட முடியாது. அவள் சொல்லுக்குக் கதையில் விளைவு இருக்கிறது. திமிர் அடக்கல் கதையில் அவள் எத்தனை முறை சொன்னாலும் கதை அதே தண்டவாளத்தில் ஓடும்.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நடன விருந்தில் டார்சி எலிசபெத்தைப் பற்றி அலட்சியமாகச் சொல்வது அவள் காதில் விழுகிறது. அவள் அழவும் இல்லை, போய்ச் சண்டை பிடிக்கவும் இல்லை. தோழிகளிடம் போய் அதையே வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறாள். அவமானம் அவனுடையது, கதை அவளுடையது. நாவலின் மிச்சம் முழுக்க அந்தச் சொல்லும் திறமைக்கும், அதில் அவள் செய்யும் பிழைகளுக்கும்தான் போகிறது.

இனி ஒரு காட்சியை எழுதிப் பார்க்கலாம். ஒரத்தநாடு பக்கம் ஏதோ ஒரு ஊர், ஐப்பசி மாதம், குறுவை அறுப்பு முடிந்த நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் குவியல்கள் வரிசையில் காத்திருக்கின்றன. அவள் இரண்டு ஏக்கர் நெல்லைக் கொண்டுவந்து கொட்டி மூன்று நாளாகிறது. நாற்பது கிலோ மூட்டையில் நூறு தேறும். இரவில் மழை, மேலே தார்ப்பாய். அவன் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்திருக்கும் பட்டியல் எழுத்தர், வெளியூர்க்காரன். இருவருக்கும் முப்பதைத் தொட்டும் தொடாத வயது.

மாணவிகள் எழுதும் முதல் வரைவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் தார்ப்பாயை விலக்குகிறாள், நெற்றியில் வியர்வை, அவன் பேனா நின்றுவிடுகிறது. இதை அடித்துவிடலாம். இரண்டாம் வரைவில் உரசல் வரும்: "பொம்பளைக்கு நெல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவன் கேட்பான், அவள் பொரிந்து தள்ளுவாள். இதில் வேகம் இருக்கிறது, ஆனால் அவன் முட்டாள் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அவன் தவறு, அவள் சரி. இனி அவன் திருந்த வேண்டும், அவ்வளவுதான். வாசகிக்கு இருவர் மேலும் ஆர்வம் வர இடமில்லை.

மூன்றாம் வரைவில் இருவரையும் சரியாக நிறுத்த வேண்டும். அதற்கு அந்த இடத்தின் வேலை தெரிய வேண்டும். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுக்கலாம் என்பது விதி. சில மழை ஆண்டுகளில் அரசு அதைத் தளர்த்தும், இந்த ஆண்டு இன்னும் உத்தரவு வரவில்லை. ஈர நெல்லை எடுத்துவிட்டால் கிடங்குக்குப் போவதற்குள் காய்ந்து எடை குறையும்; குறைந்த எடையை எழுத்தரின் தலையில் கட்டுவார்கள். அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கோ இன்னும் ஒரு மழை பெய்தால் அடிநெல் முளைத்துவிடும்.

அவன் குவியலின் ஓரத்தில் ஒரு பிடி எடுத்து மெஷினில் போடுகிறான். 18.8.

"ஈரம் கூட இருக்கும்மா. பட்டாதாரர் வரலையா?"

"பட்டாதாரர் எங்க மாமனாரு. போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு சார். நெல்லு வந்திருக்கு, அதப் பாருங்க."

இந்த ஒரு பதிலில் அவளுடைய உரசல் எதோடு என்று தெரிந்துவிடுகிறது. உழைப்பு அவளுடையது, சிட்டாவில் பெயர் இல்லை. அவன் அந்தச் சட்டத்தை எழுதியவன் அல்ல, ஆனால் அதன் சார்பில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். அவள் கோபம் அவனைத் தாண்டிப் போகிறது. போகும் வழியில் அவனையும் உரசிவிட்டுப் போகிறது.

"ஓரத்துல தார்ப்பா தண்ணி சொட்டியிருக்கு. நடுவுல கையை விட்டு எடுங்க சார்."

அவன் எழுந்து போக வேண்டியதில்லை. வரிசையில் இன்னும் இருபது குவியல் இருக்கிறது. ஆனாலும் எழுந்து போய், முழங்கை வரை நெல்லுக்குள் விட்டு ஒரு பிடி எடுக்கிறான். அந்தப் பிடியிலிருந்து அவள் நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிக்கிறாள். காய்ந்த நெல் கடக்கென்று முறியும். ஈர நெல் நசுங்கும். இடைப்பட்டதற்கு இடைப்பட்ட ஒரு சத்தம் உண்டு.

"பதினேழரை இருக்கும்."

மெஷின் 17.4 காட்டுகிறது.

எழுதுகிறவரின் கை நடுங்க வேண்டிய இடம் இது. அவன் வியந்து அவளைப் பார்த்தான் என்று எழுதினால் எல்லாம் போயிற்று. மறுபடி அவள் பார்க்கப்படுபவள் ஆகிவிடுவாள். அவன் அந்த எண்ணை நோட்டில் எழுதட்டும். 18.8ஐ அடித்துவிட்டு 17.4 என்று எழுதுவதை அவள் பார்க்கட்டும். இவன் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறவன் அல்ல என்பது அவளுக்குக் கிடைக்கும் செய்தி. அதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகக் கண்டது. ஆனால் 17.4, பதினேழுக்கு மேல்தான்.

"எடுக்க முடியாதும்மா. நாளைக்கு வெயில் வந்தா காயவச்சுட்டு வாங்க."

"வெயிலை நீங்க கொண்டாறீங்களா சார்?"

அவள் ஜெயிக்கவில்லை, அவனும் ஜெயிக்கவில்லை. 0.4 சதவீதம் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. மறுநாள் அவர்கள் சந்தித்தாக வேண்டும், அதற்குக் காரணம் நெல். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று நமக்குத் தெரியாது; அவளுக்கும் தெரியாது. அவனைப் பற்றி முன்பு இல்லாத ஒரு தகவல் மட்டும் அவளிடம் இருக்கிறது. அவனிடமும் ஒன்று இருக்கிறது: மெஷினுக்கு முன்னால் எண்ணைச் சொல்கிற ஒருத்தி.

காட்சியை எங்கே நிறுத்துவது என்பதில் வகுப்பில் எப்போதும் வாக்குவாதம் வரும். அவள் நடந்து போவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பதாக முடிக்கப் பலர் விரும்புவார்கள். நான் அதை வெட்டச் சொல்வேன். கதை அவளோடு போகட்டும், மேசையோடு தங்க வேண்டாம். அவள் போய்ச் சுமைக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்கிறாள். ஓரத்து நெல்லை மட்டும் தனியாக வாரி ஒதுக்குகிறாள். பின்னால் மெஷினில் அடுத்த ஆளின் நெல் விழும் சத்தம். எண்ணைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் கூடுதலாக ஆகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்கே மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறாள்.